லூப் கற்பிக்கும் காணொளிக்கு ஒரு வாளியும் நான்கு வரி நிரலும்

கேள்வி: நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்பவர்களுக்காக லூப் பற்றி ஒரு காணொளி தயாரிக்கிறேன். அன்றாட வாழ்க்கைப் படங்களும் திரையில் சின்ன நிரலுமாக ஸ்கிரிப்ட் எழுத நினைக்கிறேன். முந்தைய காணொளியைப் பார்த்தவர்கள் ‘புரிந்தது’ என்றார்கள். தாங்களே எழுதும்போது லூப் எப்போது நிற்கும் என்பதில் தடுமாறுகிறார்கள். ஸ்கிரிப்டை எப்படி அமைப்பது?

பதில்:

அந்தத் தடுமாற்றத்தையே காணொளியின் மையமாக வையுங்கள். பெரும்பாலான லூப் காணொளிகள் ‘ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது’ என்பதை விளக்குவதிலேயே நேரத்தைச் செலவிடுகின்றன. அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. திரும்பச் செய்வது என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, கணினி நிபந்தனையை எந்தக் கணத்தில் பார்க்கிறது, எந்தக் கணத்தில் பார்ப்பதில்லை என்பதுதான். ஆகவே பல உவமைகளை அடுக்காமல், இந்த ஒரு செய்தியைக் கண்ணால் காணும்படி செய்கிற ஒரே படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் அருகிலேயே நான்கு வரி நிரலை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்துங்கள்.

புதியவர்கள் `while` என்ற சொல்லைப் படிக்கும்போது, அன்றாடப் பேச்சில் ‘மழை பெய்துகொண்டிருக்கும்வரை உள்ளே இரு’ என்று சொல்வதைப் போலவே அதைப் புரிந்துகொள்கிறார்கள். அப்படிச் சொல்லப்பட்ட மனிதர் மழையைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருப்பார். மழை விட்ட கணத்திலேயே வெளியே வந்துவிடுவார். கணினியும் அப்படியே நிபந்தனையை இடைவிடாமல் கண்காணித்துக்கொண்டிருக்கிறது, அது பொய்யான அந்தக் கணத்திலேயே லூப்பிலிருந்து வெளியேறிவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். 1980-களில் எலியட் சோலோவே, ஜெஃப்ரி போனார் என்ற ஆய்வாளர்கள் பாஸ்கல் மொழி கற்கும் மாணவர்களிடம் இந்த நம்பிக்கையைக் கண்டு பதிவு செய்தார்கள். மொழிகள் மாறிவிட்டாலும் இந்தப் பிழை மாறவில்லை, ஏனெனில் இது நிரல்மொழியிலிருந்து வரவில்லை. மாணவர் தன் தாய்மொழியிலிருந்து தன்னோடு எடுத்து வருவது. உண்மையில் `while` லூப் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறைதான் நிபந்தனையைச் சோதிக்கும். சோதித்து உள்ளே போய்விட்டால், உள்ளிருக்கும் எல்லா வரிகளையும் முடித்துவிட்டுத்தான் மறுபடி பார்க்கும்.

இந்தப் பிழை வெளிப்படும்படி படத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் ஸ்கிரிப்டின் முதல் வேலை. நான் பரிந்துரைப்பது ஒரு வாளியும் ஒரு குடுவையும். வாளியில் தண்ணீர் நிரப்புவது பலரும் பயன்படுத்தும் படம்தான். ஆனால் அளவுகளை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 10 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டு 2 லிட்டர் குடுவையால் ஊற்றிக் காட்டினால், ஐந்தாவது முறை சரியாக 10-இல் வந்து நிற்கும். தொடர்ந்து கண்காணிக்கிறது என்று நம்புகிறவருக்கும் அதே விடைதான் கிடைக்கும். அவருடைய பிழை கடைசிவரை வெளியே தெரியாது. குடுவையை 3 லிட்டராக மாற்றுங்கள். இப்போது கணக்கு 10-இல் போய் நிற்க முடியாது. தொடர்ந்து கண்காணிப்பதாக நம்புகிறவர் 10 என்பார், கணினி 12 என்னும். அந்த இரண்டு லிட்டர் வித்தியாசம்தான் உங்கள் பாடம்.

வாளியின் கொள்ளளவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வாளியே 10 லிட்டர் வாளியாக இருந்தால் மிகுதித் தண்ணீர் வழிந்துவிடும், உள்ளே 10 லிட்டர்தான் மிஞ்சும். நிரலில் உள்ள மாறியோ 12 என்று காட்டும். படமும் நிரலும் அங்கே முரண்படும், பார்ப்பவர் குழம்புவார். ஆகவே 15 லிட்டர் வாளியை வரைந்து, அதில் 10-ஆவது லிட்டரில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். தண்ணீர் கோட்டைத் தாண்டி 12-இல் நிற்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

திரையில் வர வேண்டிய பைத்தான் நிரல் இவ்வளவுதான்:

```python
water = 0
while water < 10:
    water = water + 3
    print(water)
```

மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கப் பைத்தான் 3 அனுமதிக்கிறது. ஆனாலும் முதல் காணொளியில் அதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் தானே தட்டச்சு செய்து பார்க்கிறவர் ஒவ்வொரு வரியிலும் விசைப்பலகையை மாற்ற வேண்டியிருக்கும். நிரலை நான்கு வரிக்கு மேல் போகவிடாதீர்கள். `input()` வைத்துப் பயனரிடம் அளவைக் கேட்பது, செய்தியை அழகாக அச்சிடுவது, செயற்கூறாக மாற்றுவது எல்லாம் வேறு நாளுக்குரியவை. அவை வந்தால் பார்ப்பவரின் கண் `while` வரியைவிட்டுப் போய்விடும்.

திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் வாளியையும் வலப்பக்கம் நிரலையும் வையுங்கள். முதலில் முழுத்திரையில் வாளி, பிறகு முழுத்திரையில் நிரல் என்று மாற்றி மாற்றிக் காட்டினால், பார்ப்பவர் ஒன்றை நினைவில் பிடித்துக்கொண்டே மற்றதைப் பார்க்க வேண்டியிருக்கும். புதியவருக்கு அதற்கான இடம் மனத்தில் இருக்காது. `while` வரியின் ஓரத்தில் ஒரு கண் சின்னத்தை வரையுங்கள். அந்த வரி ஒளிரும்போது மட்டும் கண் திறந்திருக்க வேண்டும், மற்ற வரிகள் ஒளிரும்போது மூடியிருக்க வேண்டும். இந்தக் காணொளியில் ஓர் அசைவூட்டத்துக்கு மட்டும் உழைக்க முடியும் என்றால், இந்தக் கண்ணுக்கே உழையுங்கள்.

தொடக்கப் பகுதியின் ஸ்கிரிப்ட் இப்படி அமையலாம்:

> காட்சி: வெற்று வாளி, 10-இல் சிவப்புக் கோடு. அருகில் 3 லிட்டர் குடுவை. வலப்பக்கம் நான்கு வரி நிரல், எதுவும் ஒளிரவில்லை.
>
> குரல்: இந்த வாளியில் தண்ணீர் 10 லிட்டருக்குக் குறைவாக இருக்கும்வரை, ஒரு குடுவை ஊற்ற வேண்டும். குடுவை 3 லிட்டர். ஊற்றி முடிந்து நிற்கும்போது வாளியில் எவ்வளவு இருக்கும்? காணொளியை நிறுத்தி, ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.
>
> காட்சி: ஐந்து நொடி எந்த அசைவும் இல்லை, குரலும் இல்லை.
>
> காட்சி: `water = 0` ஒளிர்கிறது. வாளியின் மேல் 0 என்ற எண் தோன்றுகிறது.
>
> குரல்: தொடக்கத்தில் வாளி காலி. இந்த வரி ஒரே ஒருமுறைதான் நடக்கும்.
>
> காட்சி: `while` வரி ஒளிர்கிறது. கண் திறக்கிறது. வரியின் மேல் `0 < 10` என்று எழுதப்பட்டு, பக்கத்தில் True வருகிறது.
>
> குரல்: இப்போது பார்க்கிறது. 0, 10-ஐவிடக் குறைவுதானா? ஆம். உள்ளே போகலாம்.
>
> காட்சி: கண் மூடுகிறது. அடுத்த வரி ஒளிர்கிறது. குடுவை சாய்கிறது, தண்ணீர் 3-க்கு உயர்கிறது. அடுத்து `print` வரி. கீழே வெளியீட்டில் 3.
>
> குரல்: ஊற்றும்போது பார்ப்பதில்லை. ஊற்றியது, அச்சிட்டது. உள்ளே வேறு வரி இல்லை. ஆகவே மறுபடி மேலே.
>
> காட்சி: அம்புக்குறி கடைசி வரியிலிருந்து எழுந்து `while` வரிக்குப் போகிறது. `water = 0` வரி மங்கலாகவே இருக்கிறது.

அந்த ஐந்து நொடி மௌனத்தைப் படத்தொகுப்பில் வெட்டிவிடாதீர்கள். விடையை முன்கூட்டியே ஊகித்து எழுதிவைத்தவருக்குத்தான் 12 என்ற எண் உறைக்கும். ஊகிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ‘ஆமாம், சரிதான்’ என்று கடந்துபோவார். உங்கள் முந்தைய காணொளியைப் பார்த்தவர்கள் ‘புரிந்தது’ என்று சொன்னதற்கும் பிறகு தடுமாறியதற்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்புண்டு: பிறர் செய்வதைத் தொடர்ந்து செல்ல முடிந்ததைத் தாங்களே செய்ய முடியும் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அம்புக்குறி எங்கே போய் முடிகிறது என்பதிலும் கவனம் தேவை. அது நிரலின் உச்சிக்குப் போவது போலத் தோன்றினால், `water = 0` ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி நடக்கிறது என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொண்டவர் தன் நிரலில் அந்த வரியை லூப்புக்குள்ளும் முதல் வரியாக மறுபடி எழுதிவிடுவார். ஒவ்வொரு சுற்றிலும் வாளி காலியாகி, 3 என்ற எண் முடிவில்லாமல் அச்சாகிக்கொண்டிருக்கும். மாணவரின் திரையில் ஒரே எண் ஓடிக்கொண்டே இருப்பதைக் கண்டால் முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளை வேகமாகக் கடந்துவிடலாம். குரல்கூட வேண்டாம், அசைவும் எண்களும் போதும். நான்காவது சுற்றில் மறுபடி நிதானமாகுங்கள்.

> காட்சி: வாளியில் 9. `while` வரி ஒளிர்கிறது. கண் திறக்கிறது. `9 < 10`, True.
>
> குரல்: 9, 10-ஐவிடக் குறைவு. உள்ளே போகலாம்.
>
> காட்சி: கண் மூடுகிறது. குடுவை மெதுவாகச் சாய்கிறது. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொடும் இடத்தில் படம் உறைகிறது.
>
> குரல்: தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது. இப்போது நிற்குமா?
>
> காட்சி: மூன்று நொடி மௌனம். மூடிய கண் பெரிதாகத் தெரிகிறது. பிறகு மீதித் தண்ணீரும் விழுகிறது, 12.
>
> குரல்: நிற்கவில்லை. பார்க்கவே இல்லையே, எப்படி நிற்கும்? 12 அச்சான பிறகுதான் மேலே போய்ப் பார்க்கிறது. 12, 10-ஐவிடக் குறைவா? இல்லை. அப்போதுதான் வெளியே வருகிறது.

இந்தக் காட்சியில் படம் ஓர் இடத்தில் நிரலைவிட்டு விலகுகிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். உண்மையான தண்ணீர் 9-இலிருந்து 12-க்குப் படிப்படியாக ஏறும். `water` என்ற மாறியோ 9-இலிருந்து நேராக 12 ஆகிவிடும், நடுவில் 10 என்ற மதிப்பு அதில் ஒருபோதும் இருப்பதில்லை. ஆகவே வாளியின் மேலுள்ள எண்ணை 9, 10, 11, 12 என்று ஓடவிடாதீர்கள். தண்ணீர் ஏறும்போது 9 என்றே இருந்து, வரி முடிந்ததும் ஒரே தாவலில் 12 ஆகட்டும். அசைவூட்ட மென்பொருள்களில் எண் ஓடுவது அழகான வசதியாகக் கிடைக்கும், கை துறுதுறுக்கும். இங்கே அது தவறான பாடத்தைச் சொல்லித்தரும்.

லூப் நின்ற பிறகு, இதுவரை நடந்ததை ஓர் அட்டவணையாகத் திரையில் நிறுத்துங்கள். முழு அட்டவணையையும் ஒரேயடியாகக் காட்டாமல், வரி வரியாக வரவிடுங்கள்:

| சோதனை | அப்போது `water` | `water < 10` | ஊற்றிய பின் `water` |
|---|---|---|---|
| 1 | 0 | True | 3 |
| 2 | 3 | True | 6 |
| 3 | 6 | True | 9 |
| 4 | 9 | True | 12 |
| 5 | 12 | False | – |

கடைசி வரிசையைச் சுட்டிக்காட்ட மறக்க வேண்டாம். சோதனை 5 முறை நடந்தது, ஊற்றியது 4 முறை. இந்த ஒன்று கூடுதல் என்பதைக் கண்டுகொண்டவர் பிற்காலத்தில் ‘ஒரு சுற்று கூடிவிட்டது, ஒரு சுற்று குறைந்துவிட்டது’ என்ற தொல்லையில் மாட்டும்போது, எங்கே பார்க்க வேண்டும் என்று அறிந்திருப்பார். பிலிப் குவோ உருவாக்கிய Python Tutor என்ற இணையக் கருவியில் இதே நான்கு வரியை இட்டு, ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பார்க்கும்படி காணொளியின் விளக்கப்பகுதியில் சொல்லலாம். `while` வரி ஐந்து முறை தொடப்படுவதைப் பார்ப்பவர் தானே எண்ணிக்கொள்வார்.

‘அப்படியானால் கோட்டைத் தாண்டாமல் ஊற்ற வேண்டும் என்றால் என்ன செய்வது?’ என்ற கேள்வி இந்த இடத்தில் தானாகவே எழும். எழவில்லை என்றால் நீங்களே எழுப்புங்கள், ஏனெனில் இதற்கான விடை முன்பு சொன்னதை உறுதிப்படுத்துகிறது. ஊற்றும்போது பார்க்க முடியாது என்பதால், ஊற்றினால் என்ன ஆகும் என்பதை ஊற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டும்:

```python
water = 0
while water + 3 <= 10:
    water = water + 3
    print(water)
```

இது 3, 6, 9 என்று அச்சிட்டு நிற்கும். 9 இருக்கும்போது `9 + 3 <= 10` பொய்யாகிவிடுவதால் நான்காவது குடுவை தொடப்படுவதே இல்லை. வாளி ஒரு லிட்டர் குறைவாக நிற்கிறதே என்றால், ஆமாம். 3 லிட்டர் குடுவையால் 10 லிட்டரை அளக்க முடியாது என்பது நிரலின் குறை அல்ல. எல்லையைத் தாண்டி நிற்பதா, எல்லைக்குள் நிற்பதா என்பதை நிரல் எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடலாம்.

நிற்காத லூப்பையும் இதே காணொளியில் காட்டுங்கள், ஆனால் ஒன்றே ஒன்றை. புதியவர்கள் நிற்காத லூப்பைப் பல வழிகளில் எழுதுவார்கள்; பைத்தானில் மிகவும் சாதாரணமானது உள்தள்ளல் தவறுவது:

```python
water = 0
while water < 10:
    print(water)
water = water + 3
```

கடைசி வரி இடப்பக்கம் ஒட்டி நிற்பதால் அது லூப்புக்குள் இல்லை. திரையில் 0 என்ற எண் விடாமல் ஓடும். படத்தில் இதைக் காட்டுவது எளிது: கண் திறக்கிறது, 0 என்று பார்க்கிறது, எண்ணை அச்சிடுகிறது, மறுபடி கண் திறக்கிறது, குடுவை மேடையிலேயே அசையாமல் இருக்கிறது. நிபந்தனையில் வருகிற மாறியை லூப்புக்குள் ஏதாவது ஒரு வரி மாற்றியாக வேண்டும் என்ற விதியைச் சொல்வதைவிட, தொடப்படாத அந்தக் குடுவையைக் காட்டுவது நன்றாகப் பதியும். நிறுத்துவதற்கு `Ctrl+C` என்று திரையில் பெரிதாகப் போட்டுவிடுங்கள். முதன்முறை நிற்காத லூப்பைச் சந்திப்பவர் கணினி கெட்டுவிட்டதாகவே பயந்துவிடுவார்.

`while water != 10` என்று எழுதினால் என்னாகும் என்பதைக் காணொளியில் சேர்க்காமல், பயிற்சியாக விடுவது மேல். மதிப்புகள் 9-இலிருந்து 12-க்குத் தாவிவிடுவதால் 10 என்பது வரவே வராது. பைத்தானில் முழு எண்களுக்கு மேல்வரம்பு கிடையாது என்பதால் 15, 18, 21 என்று அது பெருகிக்கொண்டே போகும். வாளிப் படத்தைக் கைவிட வேண்டிய இடமும் இதுதான், ஏனெனில் 15 லிட்டர் வாளியில் 18 லிட்டரை வரைய முடியாது. படம் உதவாத இடத்தில் அதை நீட்டி இழுக்காமல், அட்டவணையை மட்டும் வைத்துப் பேசுங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குவோவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் edX தளத்தின் நான்கு பாடங்களில் பதிவான 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வையாளர்கள் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. இதுவரை சொன்னவை, மௌனங்களையும் சேர்த்து, ஆறு நிமிடத்தில் அடங்கும். ஆகவே `for` லூப்பை இதிலேயே திணிக்க வேண்டாம். அதற்குத் தனிக் காணொளி எடுங்கள்.

அந்த இரண்டாவது காணொளிக்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை. இதே பொருள்களை வேறு விதமாக அடுக்கினால் போதும். இம்முறை ஒரே குடுவையைத் திரும்பத் திரும்ப நிரப்பாமல், ஏற்கனவே நிரப்பிய நான்கு குடுவைகளை வரிசையாக மேடையில் வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் 0, 1, 2, 3 என்று சீட்டு ஒட்டியிருக்கட்டும். `for` லூப்பில் கண் சின்னம் வாளியின் மட்டத்தைப் பார்ப்பதில்லை. மேடையில் இன்னும் குடுவை இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது.

```python
water = 0
for i in range(4):
    water = water + 3
    print(i, water)
```

வெளியீடு இது:

```
0 3
1 6
2 9
3 12
```

`range(4)` ஏன் 4-ஐத் தருவதில்லை என்று கேட்பார்கள். அடைப்புக்குள் இருப்பது கடைசிச் சீட்டின் எண் அல்ல, குடுவைகளின் எண்ணிக்கை என்று சொன்னால் இந்த அளவுக்குப் போதும். `range(1, 5)` வரும்போது அந்த விளக்கம் பொருந்தாது என்பதால், அங்கே ‘முதல் எண் சேரும், இரண்டாவது எண் சேராது, இரண்டாவதிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் சுற்றுகளின் எண்ணிக்கை’ என்று விதியாகவே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் படமாக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சீட்டு ஒட்டிய குடுவைகள் இன்னொரு பிழையையும் தீர்த்துவைக்கும். சி அல்லது ஜாவா நிரல்களைப் பார்த்துப் பழகியவர்கள், லூப்புக்குள் `i`-ஐ மாற்றினால் சுற்றுகளின் எண்ணிக்கை மாறும் என்று எதிர்பார்ப்பார்கள். அந்த மொழிகளில் வழக்கமாக எழுதப்படும் `for` லூப்பில் அது மாறவும் செய்யும். பைத்தானில் மாறாது:

```python
for i in range(4):
    i = i + 10
    print(i)
```

இது 10, 11, 12, 13 என்று நான்கு முறை அச்சிட்டு நிற்கும். கையிலிருக்கும் குடுவையின் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எண்ணை ஒட்டினாலும், மேடையில் காத்திருக்கும் மற்ற குடுவைகளின் சீட்டுகள் மாறுவதில்லை. அடுத்து எடுப்பது 1 என்ற சீட்டு ஒட்டியதையே. இந்த ஒரு காட்சியைக் காட்டிவிட்டால், `for` என்பது ஒரு வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது என்பதும், பிற்காலத்தில் `range` இருக்கும் இடத்தில் ஒரு பட்டியலோ ஒரு சொல்லோ வரும்போது அது ஏன் அப்படியே வேலை செய்கிறது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

காணொளி வேலை செய்ததா என்பதைப் பார்வையாளர் எண்ணிக்கையோ ‘அருமை’ என்ற கருத்துகளோ சொல்லாது. முதல் காணொளியின் இறுதியில், எண்களை மாற்றி ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: குடுவை 4 லிட்டர், நிபந்தனை `water < 10`, லூப் நின்ற பிறகு `water` எவ்வளவு? சரியான விடை 12. வருகிற தவறான விடைகளைப் படிக்கத் தெரிந்தால் அவையே உங்கள் அடுத்த திருத்தத்தைச் சொல்லிவிடும். 10 என்று எழுதுகிறவர் இன்னும் கணினி தொடர்ந்து கண்காணிக்கிறது என்றே நம்புகிறார். நான்காவது சுற்றில் படம் உறையும் இடத்தை இன்னும் நீளமாக்குங்கள். 8 என்று எழுதுகிறவர் கணினி முன்கூட்டியே கணக்குப் பார்த்து நிறுத்திவிடும் என்று நினைக்கிறார். `water + 3 <= 10` பகுதி அவருடைய மனத்தில் முதல் நிரலோடு கலந்துவிட்டது, அதைத் தனிக் காணொளிக்கு மாற்றிவிடலாம். 16 என்கிறவர் நிபந்தனை பொய்யான பிறகும் ஒரு சுற்று நடக்கும் என்று எண்ணுகிறார். அட்டவணையின் கடைசி வரிசையில் வெறுமையாக விட்ட கட்டத்தை அவர் கவனிக்கவில்லை. 4 என்கிறவருக்கோ, `water = 0` ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப நடப்பதாகத் தோன்றியிருக்கிறது அல்லது லூப் ஒருமுறைதான் நடக்கும் என்று தோன்றியிருக்கிறது. அம்புக்குறி எந்த வரியில் போய்த் தொடுகிறது என்பதை எடிட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள்.